ஆச்சியின் முத்து மாலை: துளைவாயில் தெரிந்தது

அண்ணன் மகள் பாளையங்கோட்டையிலிருந்து வாட்ஸ்அப்பில் ஒரு படம் அனுப்பியிருந்தாள். அவளுடைய அம்மா வழி ஆச்சி போன மாசி மாதம் காலமானார். பீரோவைத் திறந்து நகைகளை மூன்று பெண்களும் பிரித்துக்கொள்ள உட்கார்ந்தபோது, சிவப்பு வெல்வெட் டப்பாவில் ஒற்றைச் சர முத்து மாலை ஒன்று கிடைத்திருக்கிறது. ஆச்சி பிறந்தது தூத்துக்குடி. கல்யாணத்தில் அவருடைய அப்பா போட்டது என்பது வீட்டில் வழிவழியாகச் சொல்லப்படும் பேச்சு. ‘அத்தை, இது ஒரிஜினலா? பெரியம்மா ஒரிஜினல்ங்கிறாங்க, சின்னச் சித்தி கவரிங் கடையில வாங்கினதுங்கிறாங்க. படத்தைப் பாத்துச் சொல்லுங்க’ என்று கீழே எழுதியிருந்தாள்.

நகைக் கடைகளுக்கு முத்து தரம் பிரித்துக் கொடுப்பது என் வேலை. இப்படிப்பட்ட படங்கள் எனக்கு வாரத்துக்கு நாலைந்தாவது வரும். பதில் சொல்லும் முன் கேள்வியைச் சரிசெய்ய வேண்டியிருக்கும். ‘ஒரிஜினலா’ என்ற கேள்விக்குள் இரண்டு கேள்விகள் ஒளிந்திருக்கின்றன.

முத்துச் சிப்பி தன் உடம்புக்குள் புகுந்த தொந்தரவைச் சுற்றித் தானாகவே படலம் படலமாகப் பூசி உருவாக்கியது இயற்கை முத்து. மனிதர் கத்தியால் சிப்பியைத் திறந்து, ஒரு சிறு மணியையும் இன்னொரு சிப்பியின் சதைத் துண்டையும் உள்ளே வைத்து, திரும்பக் கடலில் விட்டு வளர்த்தெடுப்பது வளர்ப்பு முத்து. கடைகளில் ‘கல்ச்சர் முத்து’ என்பார்கள். நன்னீர்ச் சிப்பியில் பெரும்பாலும் மணிகூட வைப்பதில்லை, சதைத் துண்டு மட்டும்தான். இந்த இரண்டு வகையிலும் மேலே இருக்கும் படலம் சிப்பி பூசிய அசல் படலமே. மூன்றாவது, கண்ணாடி அல்லது பிளாஸ்டிக் மணிமேல் பளபளக்கும் பூச்சைப் பூசிய போலி முத்து. பத்திரிகைகள் வளர்ப்பு முத்தையும் ‘செயற்கை முத்து’ என்றே எழுதிவருவதால் வாசகர்கள் இரண்டாவதையும் மூன்றாவதையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொள்கிறார்கள். கடைக்காரர் வளர்ப்பு முத்தைக் காட்டி ‘ஒரிஜினல்’ என்று சொன்னால் அது பொய்யில்லை. ஆனால் வாங்குகிறவர் காதில் அது ‘இயற்கை’ என்று விழுகிறது. விலையோ இந்த மூன்றுக்கும் மடங்கு மடங்காக மாறும்.

ஆகவே படத்தைப் பார்க்கிறவர் முதலில் கேட்க வேண்டியது, இதன் மேல் இருப்பது சிப்பியின் படலமா, பூச்சா? அதைப் படத்திலேயே பெரும்பாலும் சொல்லிவிடலாம். அடுத்தது, படலம்தான் என்றால் உள்ளே என்ன இருக்கிறது? இதற்குப் படம் சில சமயம் துப்புக் கொடுக்கும், தீர்ப்புக் கொடுக்காது.

அவள் அனுப்பிய முதல் படத்தில் ஒன்றுக்கும் பதில் இல்லை. தேக்கு மேசைமேல் மாலையை வைத்து, இரவில், ஃபிளாஷ் போட்டு எடுத்திருந்தாள். ஒவ்வொரு மணியிலும் நடுவில் வெள்ளையாக ஒரு பொட்டு, சுற்றிலும் மேசையின் பழுப்பு நிறம். ஃபிளாஷ் வெளிச்சத்தில் நல்ல முத்தும் கண்ணாடி மணியும் ஒரே மாதிரிதான் பொட்டு வைத்துக்கொள்ளும். எனக்குத் தெரிந்ததெல்லாம், மணிகள் ஒரே அளவில் இல்லை, கொக்கியருகே சிறியதாகத் தொடங்கி நடுவில் பெரிதாகின்றன என்பது. பழைய இயற்கை முத்துச் சரங்கள் பெரும்பாலும் அப்படித்தான் இருக்கும், ஒரே அளவில் அறுபது எழுபது முத்துகளைச் சேர்ப்பது எளிதில்லையே. ஆனால் போலி மாலை செய்கிறவர்களும் இந்த வழக்கத்தைப் பார்த்துத்தானே செய்கிறார்கள். அதனால் இதை ஒரு குறிப்பாக மட்டும் மனதில் வைத்துக்கொண்டேன்.

திரும்பப் படம் எடுக்கச் சொன்னேன். காலை பத்து மணிவாக்கில், வெயில் நேராக விழாத ஜன்னலருகே, ஃபிளாஷை அணைத்துவிட்டு. கீழே வெள்ளைக் காகிதம். மாலைக்குப் பக்கத்தில் மில்லிமீட்டர் கோடு போட்ட பள்ளிக்கூட ஸ்கேல். போனில் முகத்தை அழகாக்கும் வசதி ஏதாவது ஓடிக்கொண்டிருந்தால் அதை நிறுத்திவிட வேண்டும், அது மேற்பரப்பின் சிறு குழிகளையெல்லாம் மெழுகிவிடும். மிகக் கிட்டே கொண்டுபோனால் போன் கேமரா குவியாது, ஆகவே இருநூறு முந்நூறு ரூபாய்க்குக் கிடைக்கும் கிளிப் மேக்ரோ லென்ஸ் ஒன்றை மாட்டிக்கொள்ளச் சொன்னேன். எடுத்த படத்தை வாட்ஸ்அப்பில் சாதாரணமாக அனுப்பினால் அது சுருக்கிவிடும், ‘டாக்குமென்ட்’ என்ற வழியில் அனுப்பினால் எடுத்தபடியே வரும். மாலையை மென்மையான பருத்தித் துணியால் துடைத்தால் போதும், சோப்பும் வேண்டாம், வினிகர் கண்டிப்பாக வேண்டாம். முத்து என்பது பெரும்பாலும் கால்சியம் கார்பனேட். புளிப்பு பட்டால் கரையும்.

மறுநாள் பதினேழு படங்கள் வந்தன. கூடவே மணிகளை எண்ணியும் வைத்திருந்தாள். மொத்தம் 61. கொக்கியின் வலப்பக்கத்திலிருந்து ஒன்று, இரண்டு என்று எண்ணைக் காகிதத்தில் எழுதி, அதற்கு நேராக மாலையை நீட்டி வைத்திருந்தாள். நல்ல பிள்ளை. இந்த எண்கள் பின்னால் மிகவும் உதவின.

எல்லாரும் முதலில் பார்ப்பது ஒளிர்வை. பழைய ரத்தின வியாபாரிகள் இதை நீரோட்டம் என்பார்கள். முத்துப்படலம் மைக்ரான் கணக்கில் மெல்லிய தகடுகள் ஓடு வேய்ந்ததுபோல் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கப்பட்டது. ஒவ்வொரு தகடும் ஒரு மைக்ரானிலும் குறைந்த பருமன். மேலே பட்ட ஒளியில் ஒரு பங்கு அங்கேயே திரும்புகிறது, மிச்சம் உள்ளே போய் அடுத்தடுத்த தகடுகளில் பட்டுத் திரும்புகிறது. இப்படித் திரும்பும் ஒளிகள் ஒன்றோடொன்று கலப்பதால்தான் நடுவில் இளஞ்சிவப்பும் ஓரத்தில் பச்சையும் சாயல் காட்டுகின்றன. அவள் படத்தில் ஜன்னலின் நீள்சதுரம் ஒவ்வொரு மணியிலும் சிறியதாக விழுந்திருந்தது. அதன் ஓரம் எவ்வளவு கூர்மையாக இருக்கிறது என்று பார்க்க வேண்டும். மணிக்குப் பெரும் பளபளப்பு இருந்தால் ஜன்னல் கம்பிகூடத் தெரியும், மங்கலானதில் வெள்ளைத் திட்டாகக் கரைந்து நிற்கும்.

ஆனால் இந்தக் கூர்மையை வைத்து மட்டும் இயற்கை, போலி என்று சொல்லக் கூடாது. ஜப்பானின் அகோயா வளர்ப்பு முத்து கண்ணாடி மாதிரி பளபளக்கும், பல அடுக்குப் பூச்சுக் கொடுத்த நல்ல போலியும் அப்படியே பளபளக்கும். கழுத்து வியர்வையும் சந்தனமும் பவுடரும் பட்டுத் தேய்ந்த இயற்கை முத்தோ மங்கியிருக்கும். கவனிக்க வேண்டியது வேறொன்று. பக்கத்துப் பக்கத்து மணிகளை ஒப்பிட வேண்டும். போலிகள் ஒரே தொட்டியில் தோய்த்தவை என்பதால் சாயல் ஒரே மாதிரி இருக்கும். ஒன்றில் ஓரத்தில் பச்சை என்றால் எல்லாவற்றிலும் அதே இடத்தில் அதே பச்சை. ஆச்சியின் மாலையில் பத்தாவது மணி சற்று மஞ்சள், பதினொன்று ரோஜா சாயல், பன்னிரண்டில் சாயலே இல்லை, வெறும் பால் நிறம். இதை ஒழுங்காகக் கலந்து செய்ய யாரும் மெனக்கெட மாட்டார்கள். இந்த மாலை கவரிங் கடைச் சரக்கு என்று சின்னச் சித்தி சொன்னது இங்கேயே ஆட்டம் கண்டது.

ஒரு மணி மட்டும் கண்ணை உறுத்தியது, பத்தொன்பதாவது. மற்றவற்றைவிட வெள்ளை. அதில் ஜன்னலின் பிம்பம் நல்ல கூர்மை, ஆனால் பிம்பத்துக்குக் கீழே ஒன்றுமில்லை. பால் ஏட்டின் மேல் விழுந்த வெளிச்சத்துக்கும் வெள்ளை எனாமல் பூசிய கதவில் விழுந்த வெளிச்சத்துக்கும் உள்ள வித்தியாசம் தெரியும் இல்லையா, அதுதான்.

அடுத்தது மேற்பரப்பு. நுண்ணோக்கியில் வைத்துப் பார்த்தால் முத்துப்படலத்தின்மேல் தகடுகளின் விளிம்புகள் கோடு கோடாகத் தெரியும். நீர் வற்றும் குளக்கரையில் ஒவ்வொரு வாரத்து நீர்மட்டமும் வளைந்து வளைந்து கோடு போட்டு வைத்திருக்குமே, அந்த மாதிரி. பல்லில் லேசாக உரசினால் மணல்போல் நறநறப்பது இந்த விளிம்புகளால்தான். போன் லென்ஸில் இவை தெரியாது. தெரியாத ஒன்றைப் படத்தில் தேடிக் கண்டுபிடித்துவிட்டதாக நம்பி ஏமாறக் கூடாது. போன் படத்தில் தெரிவது அதைவிடப் பெரிய குறைகள்: ஊசி முனையளவு குழிகள், மணியைச் சுற்றி ஓடும் மெல்லிய வரிப் பள்ளம், ஒரு பக்கம் லேசான தட்டை. சிப்பி உயிருள்ள பிராணி, அதன் வேலையில் இப்படி ஒழுங்கின்மை இருக்கத்தான் செய்யும். போலியின் மேற்பரப்பு அப்படியில்லை. பெரிதாக்கினால் ஸ்பிரே பெயின்ட் அடித்த இரும்புக் கதவுபோல் பொடிப் பொடியாகச் சீரான மேடு பள்ளம் தெரியும். சில இடத்தில் பூச்சு வழிந்து உறைந்த துளிகூட இருக்கும்.

இங்கே ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். மேற்பரப்பு போலியைப் பிரித்துக் காட்டும், அவ்வளவுதான். இயற்கைக்கும் வளர்ப்புக்கும் மேற்பரப்பில் வித்தியாசம் கிடையாது, இரண்டையும் பூசியது ஒரே விதமான பிராணி. ‘குழி இருக்கிறது, ஆகவே இயற்கை’ என்று சொல்லி விற்கிறவர்களை நான் பார்த்திருக்கிறேன். மலிவான நன்னீர் வளர்ப்பு முத்துகளில்தான் குழியும் சுருக்கமும் அதிகம்.

ஆச்சியின் மாலையில் அறுபது மணிகளின் மேற்பரப்பு ஒழுங்கற்றிருந்தது. பத்தொன்பதாவதில் மட்டும் பெயின்ட் பொடி. ஆகவே அறுபதில் படலம் உண்டு, ஒன்றில் இல்லை. முதல் கேள்வி ஏறக்குறைய முடிந்தது.

உள்ளே என்ன என்ற கேள்விக்குத் துளைவாய்க்குத்தான் போக வேண்டும். மணியின் உள்ளிருக்கும் பொருள் வெளியுலகத்துக்குக் கண் காட்டும் ஒரே இடம் அது.

அந்தக் காலத்தில் முத்துத் துளைப்பவர் ஒரு மரக்கட்டையில் சிறு குழிகள் வைத்திருப்பார். குழியில் முத்தைத் தட்டிப் பொருத்தி, நனைத்து மரத்தை உப்ப வைத்தால் அது முத்தை இறுகப் பிடித்துக்கொள்ளும். பிறகு ஊசி முனைகொண்ட கம்பியை முத்தின்மேல் நிறுத்தி, வில்லை முன்னும் பின்னும் இழுத்துக் கம்பியைச் சுழற்றுவார். பக்கத்தில் கொட்டாங்கச்சியில் தண்ணீர். சுண்டுவிரலால் அவ்வப்போது தொட்டுத் தொட்டுத் துளையில் சொட்டுவார், சூடேறி முத்து விரியக் கூடாது என்று. ஒரு பக்கம் பாதி துளைத்து, திருப்பி மறுபக்கம் பாதி துளைத்து நடுவில் சேர்ப்பார்.

இயற்கை முத்து எடைக்கு விற்கப்பட்டது. துளையைப் பெரிதாக்கினால் பொடியாகப் போவது காசு. ஆகவே துளை மிகச் சிறியதாக இருக்கும், அரை மில்லிமீட்டரோ அதற்கும் குறைவாகவோ. வளர்ப்பு முத்து எந்திரத்தில் துளைக்கப்படுகிறது, எண்ணிக்கையும் அதிகம், கோர்ப்பதற்கு வசதியாக இருக்கவேண்டும் என்பதே குறி. அதனால் துளை பொதுவாக முக்கால் மில்லிமீட்டரை ஒட்டி இருக்கும், சிலதில் அதற்கும் மேல். அதிலும் விதிவிலக்குகள் உண்டு, அவற்றுக்குப் பிறகு வருகிறேன்.

இதைப் படத்தில் அளப்பது கடினமில்லை. ஸ்கேல் பக்கத்தில் இருந்தால் ஒரு மில்லிமீட்டருக்கு எத்தனை பிக்சல் என்று எண்ணிக்கொள்ளலாம். அவள் படத்தில் ஒரு மில்லிமீட்டர் 50 பிக்சல். இருபத்தைந்தாம் மணியின் துளை 20 பிக்சல் அகலம், அதாவது 0.4 மில்லிமீட்டர். அதற்குப் பக்கத்தில் 27, 28 இரண்டிலும் 40 பிக்சல், 0.8 மில்லிமீட்டர். சரியாக இரட்டிப்பு. சாய்வாகப் பார்த்த துளை முட்டை வடிவமாகத் தெரியும், அப்போது நீளமான விட்டத்தைத்தான் அளக்க வேண்டும். ஸ்கேலும் மணியும் கேமராவிலிருந்து ஒரே தூரத்தில் இருக்க வேண்டும். மணி சற்று மேலே இருந்தாலும் கணக்குத் தவறும்.

அளவு தவிர முடிச்சும் ஒன்று சொன்னது. முத்துச் சரத்தில் மணிக்கு மணி பட்டு நூலில் முடிச்சுப் போடுவார்கள், அறுந்தால் எல்லாம் உருண்டோடிவிடாமல் இருக்க. ஆச்சியின் மாலையில் முடிச்சுகள் மணிகளின் வாயில் அழகாக உட்கார்ந்திருந்தன. ஆனால் 27, 28, 40 ஆகிய மூன்றிலும் முடிச்சு பாதி உள்ளே இறங்கிப்போயிருந்தது. மெல்லிய துளைக்கென்று தேர்ந்த நூலில் பெரிய துளை மணிகள் பின்னால் சேர்ந்திருக்கின்றன என்று அர்த்தம். எப்போதோ மாலை அறுந்திருக்கிறது, முத்துகள் காணாமல் போயிருக்கின்றன, கோர்த்தவர் கைக்குக் கிடைத்ததைச் சேர்த்திருக்கிறார்.

இனித் துளையின் விளிம்பும் உட்சுவரும். பத்தொன்பதாவதில் சந்தேகத்துக்கே இடமில்லை. வாயைச் சுற்றிப் பூச்சு எழும்பி, ஒரு பக்கம் பொருக்காக உரிந்து, அடியில் கண்ணாடி மின்னியது. போலியில் துளைவாயில் பூச்சு இப்படிக் குமிழியும் சிறு கரை கட்டியும் நிற்கும், அல்லது நூல் உரசி உரிந்துவிடும். படலத்தில் இப்படி நடக்காது. முத்து உடைந்தால் விளிம்பு சில்லாகப் பெயரும், தோலாக உரியாது.

உள்ளே மணி வைத்த வளர்ப்பு முத்தில் வேறொரு அடையாளம். துளைச் சுவரில் விளிம்பிலிருந்து சற்று உள்ளே தள்ளி ஒரு வளையக் கோடு தெரியும், பல சமயம் பழுப்பாக. கோட்டுக்கு மேலே சிப்பி பூசிய படலம், கீழே மனிதர் வைத்த மணி. அகோயாவில் படலம் அரை மில்லிமீட்டருக்கும் குறைவாகவே இருப்பதுண்டு, ஆகவே கோடு வாயருகிலேயே இருக்கும், நல்ல வெளிச்சத்தில் போன் படத்திலேயே பிடிபடும். உள்ளே வைக்கும் மணி பெரும்பாலும் அமெரிக்காவின் மிசிசிப்பி ஆற்றுப் படுகையின் தடித்த சிப்பி ஓட்டிலிருந்து செதுக்கியது. ஓடு அடுக்கடுக்கானது என்பதால் மணிக்குள் நேர்க்கோடுகள் இருக்கும். இருட்டறையில் முத்தின் பின்னால் போன் டார்ச்சை ஒட்டிப் பிடித்துப் படம் எடுத்தால், படலம் மெல்லியதாக இருந்தால் அந்தக் கோடுகள் நிழலாகத் தெரியும். தெரிந்தால் வளர்ப்பு. தெரியாவிட்டால் அதிலிருந்து ஒன்றும் முடிவு செய்ய முடியாது.

மணி வைக்காத நன்னீர் வளர்ப்பு முத்துதான் படம் பார்க்கிறவரைக் கைவிடுவது. அது முழுக்கப் படலம். துளைச் சுவரில் கோடு இருக்காது, டார்ச்சில் கோடு விழாது, பல்லில் நறநறக்கும். வெளியிலிருந்து பார்க்கும்போது இயற்கை முத்தோடு அதற்கிருக்கும் வித்தியாசம் துளையின் அகலமும் சேர்ந்து வந்த சூழலும்தான். 27, 28 இரண்டையும் நான் அப்படித்தான் சந்தேகித்தேன்.

காலக்கணக்கையும் பார்க்க வேண்டும். ஜப்பானில் மிக்கிமோட்டோ கோகிச்சி 1893இல் அரைவட்ட முத்தை வளர்த்தார். உருண்டை முத்துகள் சந்தைக்குப் பெருமளவில் வந்தது 1920களில். ஆகவே 1910க்கு முன் எடுத்த குடும்பப் படத்தில் ஒரு பாட்டி கழுத்தில் உருண்டை முத்து மாலை தெரிந்தால் அது இயற்கையாகவோ போலியாகவோ இருக்கும், வளர்ப்பாக இருக்காது. போலி பழசுதான், மீன் செதில் பூச்சுப் பூசிய கண்ணாடி முத்துகளைப் பாரிஸில் 17ஆம் நூற்றாண்டிலேயே செய்தார்கள். ஆச்சியின் கல்யாணம் 1940களின் கடைசியில். அப்போது மூன்று வகையுமே சந்தையில் இருந்தன. தூத்துக்குடியில் பிறந்தவர் என்பதும் சாட்சியாகாது. மன்னார் வளைகுடாவில் 1961 வரை முத்துக் குளிப்பு நடந்தது என்பது உண்மை. அதே ஊரில் 1973இல் மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனத்தின் அழகர்சுவாமி இந்தியாவின் முதல் உருண்டை வளர்ப்பு முத்தை உருவாக்கினார் என்பதும் உண்மை. ஊர்ப்பெயர் முத்தின் வயிற்றைத் திறந்து காட்டாது.

நான் எழுதியனுப்பிய முடிவு இதுதான். பத்தொன்பது போலி, உறுதி. 27, 28, 40 மூன்றும் துளை பெரிது, வளர்ப்பாக இருக்கும் என்று சந்தேகம். மீதி 57 இயற்கையாக இருக்க நல்ல வாய்ப்பு, ஆனால் எக்ஸ்ரே இல்லாமல் அந்தச் சொல்லை எழுத மாட்டேன். இந்த மாலையை மூன்று பெண்கள் பங்கு பிரிக்கப் போகிறார்கள். யாரோ ஒருவர் முழு மாலையையும் எடுத்துக்கொண்டு மற்ற இருவருக்கும் பவுன் கணக்கில் ஈடு கொடுக்கப் போகிறார். படத்தை வைத்து அத்தை சொன்னாள் என்று அதைச் செய்யக் கூடாது.

ரத்தினப் பரிசோதனைக் கூடத்துக்குக் கொடுத்தார்கள். அங்கே முத்தைத் துளைக்கவோ சுரண்டவோ மாட்டார்கள், எக்ஸ்ரே எடுப்பார்கள். இயற்கை முத்தில் வெங்காயத்தைக் குறுக்கே வெட்டியதுபோல் வளையம் வளையமாகத் தெரியும். மணி வைத்ததில் நடுவில் தெளிவான வட்டம். மணி வைக்காத நன்னீர் முத்தில் நடுவில் கோணல்மாணலாக ஒரு சிறு இருள், செருகிய சதைத் துண்டு இருந்த இடம்.

மூன்று வாரத்தில் அறிக்கை வந்தது. பத்தொன்பது கண்ணாடிப் போலி. 27, 28 இரண்டும் நன்னீர் வளர்ப்பு. இந்த மூன்றிலும் நான் சொன்னது நின்றது. ஆனால் நாற்பதாவது மணி இயற்கை முத்து. எப்போதோ தங்கக் கம்பியில் கோர்ப்பதற்காக யாரோ அதன் துளையைக் கடைந்து அகலமாக்கியிருக்கிறார்கள். பழைய முத்துகளுக்கு இது அடிக்கடி நடப்பது, வேறு நகையிலிருந்து கழற்றி இங்கே சேர்த்திருக்கலாம். துளை சிறியதென்றால் அது ஒரு சான்று, பெரியதென்றால் சந்தேகத்துக்குக் காரணம். அதற்குமேல் அதை இழுக்கக் கூடாது என்று மற்றவர்களுக்குச் சொல்லிக்கொடுக்கிற நானே ஒரு கணம் இழுத்துவிட்டேன்.

இன்னொன்று அதைவிட என்னை யோசிக்க வைத்தது. நான் ‘நல்ல வாய்ப்பு’ என்று விட்ட 57இல், மாலையின் நடுவுக்குப் பக்கத்தில் இருந்த 33ஆம் மணி, மணி வைத்து வளர்த்த முத்து. துளை 0.5 மில்லிமீட்டர்தான். நிறம், சாயல், குழி எல்லாம் பக்கத்து மணிகளோடு ஒத்துப்போனது. திரும்பவும் அந்தப் படத்தை எடுத்துப் பெரிதாக்கிப் பார்த்தேன். இரண்டு பக்கமும் துளைவாயைப் பட்டு முடிச்சு முழுக்க மூடியிருந்தது. எந்தச் சுவரைப் பார்த்திருக்க வேண்டுமோ அந்தச் சுவர் படத்திலேயே இல்லை. நான் அகலத்தை மட்டும் முடிச்சின் ஓரத்தில் ஊகித்து அளந்துவிட்டுப் போயிருந்தேன்.

கணக்கு இப்போது 57 இயற்கை, 3 வளர்ப்பு, 1 போலி. எண்ணிக்கை என்னவோ நான் சொன்னதுபோலவே வந்தது, ஆனால் இரண்டு மணிகள் இடம் மாறியிருந்தன. பெரியம்மா மாலையை எடுத்துக்கொண்டார், அறிக்கையில் இருந்தபடி மதிப்புப் போட்டுத் தங்கைகளுக்குக் கொடுத்தார். நூல் நைந்துபோயிருந்ததால் மாலையைப் பிரித்துப் புதிதாகக் கோர்க்க வேண்டியிருந்தது. பத்தொன்பதை எடுத்துவிட்டு, மற்ற மூன்றை ஆச்சி போட்டது போட்டபடி இருக்கட்டும் என்று விட்டார்கள்.

கோர்க்கக் கொடுக்கும் முன், நூல் எல்லாம் உருவியிருந்த அந்த ஒரு பகலில், 33ஐ மட்டும் நிமிர்த்தி வைத்துத் துளைவாயை நேர்மேலிருந்து ஒரு படம் எடுத்து அனுப்பச் சொன்னேன். ஜன்னல் வெளிச்சத்திலேயே எடுத்திருந்தாள். வாயிலிருந்து அரை மில்லிமீட்டர்கூட உள்ளே போகவில்லை, சுவரைச் சுற்றி மயிரிழைபோல ஒரு பழுப்புக் கோடு.